பழைய சப்மரைனர் ஒன்று விலைக்கு வருகிறது: செகண்ட் முள் வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல்தானா?

சிராங்கூன்_செந்தில்

எல்லோருக்கும் வணக்கம். கூட வேலை பார்ப்பவருக்குத் தெரிந்த ஒருவர் சிங்கப்பூரை விட்டு ஊருக்கே போகிறார். போவதற்கு முன்னால் தன்னுடைய ரோலெக்ஸ் சப்மரைனரை விற்றுவிட நினைக்கிறார். மாடல் எண் 16610, கறுப்பு டயல், தேதி காட்டும். 2002இல் விற்றதாகப் பேப்பர், பச்சைப் பெட்டி எல்லாம் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் கடைகளில் கேட்கும் விலையைவிட மூவாயிரம் வெள்ளி குறைவாகச் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த வரையில் பார்த்துவிட்டேன். செகண்ட் முள் டிக் டிக்கென்று நின்று போகவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. கையில் கட்டினால் நல்ல கனம். எழுத்துகள் எல்லாம் ஊசியால் வெட்டியதுபோலத் தெளிவு. பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்க்கவில்லை, எனக்குத் திறக்கவும் தெரியாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார். இவ்வளவு பார்த்தது போதுமா?

டிக்டிக்_தியாகு

செகண்ட் முள் வழுக்கினால் கவலையே படாதீர்கள் நண்பரே. டூப்ளிகேட் எல்லாம் உள்ளே பேட்டரிதான், வினாடிக்கு ஒரு தடவை குதிக்கும். ரோலெக்ஸ் முள் எண்ணெயில் மிதப்பதுபோலப் போகும். கனமும் சரியாக இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் என்ன? மூவாயிரம் குறைவு என்றால் நானாக இருந்தால் இன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுவேன்.

பழைய_ஸ்பிரிங்

தியாகு தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நான் துபாய் தேராவில் ஒரு பட்டறையில் பல வருடம் ரிப்பேர் வேலை பார்த்தவன், இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் பேட்டரி டூப்ளிகேட் தெருவோரத்தில் விற்பது. அதைப் பெட்டி, பேப்பரோடு ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு யாரும் விற்க மாட்டார்கள். அந்த விலைக்கு வரும் போலியில் ஆட்டோமேடிக் மெஷின்தான் இருக்கும்.

ரோலெக்ஸ் முள்ளும் உண்மையில் வழுக்குவதில்லை. 16610க்குள் இருப்பது 3135 என்கிற மெஷின். அது மணிக்கு 28,800 தடவை துடிக்கும், அதாவது வினாடிக்கு எட்டுக் குட்டிக் குதியல். கண்ணுக்கு அது வழுக்கலாகத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் ஈட்டா 2824, 2836 மெஷின்களும் அதே எட்டுதான். அவற்றைப் பார்த்து சீனாவில் செய்யும் நகல்களும் எட்டுதான். ஆகவே முள்ளின் ஓட்டத்தை வைத்து மட்டமான போலியைத் தள்ளலாம். நல்ல போலியை அது தடுக்காது.

திருப்பியும் பாருங்கள். 1970களின் பழைய சப்மரைனர் ஒன்று கையில் கிடைத்தால் அதன் துடிப்பு மணிக்கு 19,800தான், முள் இன்னும் கொஞ்சம் தடதடவென்றுதான் போகும். ரோலெக்ஸே 1977லிருந்து ஆயிஸ்டர்குவார்ட்ஸ் என்று பேட்டரி வாட்ச் விற்றது. அது வினாடிக்கு ஒரு தடவைதான் குதிக்கும், முழு ஒரிஜினல். முள்ளைப் பார்த்துத் தூக்கிப் போட்டிருந்தால் நட்டம்.

செந்தில் தம்பி, உங்களால் மூன்று வேலை செய்ய முடியுமா?

ஒன்று, போனில் ஸ்லோமோஷன், 240 ஃப்ரேமில் செகண்ட் முள்ளைப் படம் எடுங்கள். அது ஓடும்போது எட்டு மடங்கு மெதுவாக ஓடும். அப்படியானால் எட்டுத் துடிப்பு உள்ள வாட்சில் வீடியோ நேரத்தில் வினாடிக்குச் சரியாக ஒரு குதியல் தெரியும். எண்ணுவதற்கு வசதி. மட்டமான சீன மெஷின் பலவும் 21,600, அதில் எட்டு வினாடிக்கு ஆறு குதியல்தான் வரும்.

இரண்டு, எடை. சமையலறைத் தராசு போதும், ஆனால் செயினில் கண்ணி ஏதாவது கழற்றியிருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மூன்று, செயினைக் கழற்றி ஆறு மணிப் பக்கம் உடம்பில் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுங்கள். கழற்றுவது சுலபம். கேஸின் வெளிப்பக்கத்தில் நாலு மூலையிலும் சின்ன ஓட்டை இருக்கும், ஊசி முனையால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பாரை அழுத்தினால் செயின் வந்துவிடும். எண்ணை இங்கே போடும்போது கடைசி நாலு இலக்கத்தை மறைத்துவிடுங்கள், இதே எண்ணை வைத்து இன்னொரு போலி செய்துவிடுவார்கள்.

ஹெச்எம்டி_பேரன்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். தாத்தாவின் ஹெச்எம்டி ஜனதா என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் முள் வழுக்கவே இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அப்படியென்றால் அதுவும் டூப்ளிகேட்டா? விற்றால் எவ்வளவு போகும்?

பழைய_ஸ்பிரிங்

பேரன், உங்கள் ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, வினாடிக்கு ஐந்துதான். அது அப்படித்தான் நகர வேண்டும், வழுக்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். மீதியை அப்புறம் பேசுவோம், டயலைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நகைக்கடை_நாச்சியார்

எடை பற்றி ஒரு வார்த்தை. நான் வாட்ச்காரி இல்லை, நகைக்கடையில் தங்கம் எடுக்கிற இடத்தில் உட்காருகிறவள். ஸ்டீல் வாட்சில் எடையை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று எனக்குப் புரியவில்லை. ரோலெக்ஸ் எந்த ஸ்டீலைப் போட்டாலும் அடர்த்தி எட்டை ஒட்டித்தான். போலிக்காரன் போடுவதும் அதேதான். தங்க வாட்ச் என்றால் கதையே வேறு.

எங்களிடம் ஒருவர் டே-டேட் கொண்டுவந்தார், முழுக்க 18 காரட் என்று சொன்னார். செயினில் ஸ்க்ரூ போட்ட கண்ணி ஒன்றை மட்டும் கழற்றச் சொன்னோம். காற்றில் 1.62 கிராம். மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 1.42 கிராம். 0.20 குறைகிறது, 1.62ஐ அதால் வகுத்தால் எட்டு சொச்சம். 18 காரட் மஞ்சள் தங்கம் என்றால் பதினைந்துக்கு மேல் வர வேண்டும். ஸ்டீல் மேல் முலாம், கதை முடிந்தது. மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. முழு வாட்சை இப்படித் தண்ணீரில் நிறுத்திப் பிரயோஜனம் இல்லை, உள்ளே காற்று இருக்கிறது. கண்ணியிலும் ஸ்க்ரூ ஓட்டையில் காற்றுக்குமிழி நிற்கும், தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் எடை பார்க்க வேண்டும்.

பழைய_ஸ்பிரிங்

நாச்சியார் அம்மா சொல்வது சரி, ஸ்டீலின் அடர்த்தியை வைத்து ஒன்றும் தெரியாது. நான் எடை கேட்டது வேறு காரணத்துக்கு. அவர் நிறுத்துச் சொல்லட்டும், அப்புறம் சொல்கிறேன்.

சிராங்கூன்_செந்தில்

நேற்று ராத்திரி அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். முதலில் வீடியோ. நீங்கள் சொன்னபடியே வினாடிக்கு ஒரு குதியல், அப்படியே அச்சடித்த மாதிரி. அரை நிமிடம் எண்ணினேன், மாறவே இல்லை.

எடை 147 கிராம். இரண்டு கண்ணி கழற்றி வைத்திருக்கிறார், அது தனியாகப் பொட்டலத்தில் இருக்கிறது, இந்த எடையில் சேராது.

செயின் விஷயத்தில் எனக்குத் தோல்விதான். நீங்கள் சொன்ன ஓட்டை எனக்குக் கிடைக்கவில்லை. நாலு மூலையும் தடவிப் பார்த்தேன், வழவழவென்று மூடித்தான் இருக்கிறது. பின்பக்கமாக நெம்பிக் கழற்றலாம் என்று அவர் சொன்னார், கீறிவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன். ஆனால் சீரியல் எண்ணைக் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டேன். டயலைச் சுற்றி உள்பக்கம் ஒரு வெள்ளி வளையம் இருக்கிறதே, அதில் ரோலெக்ஸ் ரோலெக்ஸ் என்று சுற்றிலும் பொறித்து, ஆறு மணிக்குக் கீழே எண் போட்டிருக்கிறது. ஆங்கில ஒய் எழுத்தில் ஆரம்பிக்கிறது. பேப்பரில் உள்ள எண்ணும் அதுவேதான், ஒரு இலக்கம்கூட மாறவில்லை. பொறிப்பு அவ்வளவு சுத்தம்.

எண் பொருந்துகிறது, துடிப்பு சரி, கனமும் இருக்கிறது. எனக்கு நிம்மதிதான்.

டிக்டிக்_தியாகு

நான் முதலிலேயே சொன்னேன்.

பழைய_ஸ்பிரிங்

செந்தில் தம்பி, பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் நிம்மதி என்று எழுதிய மூன்றில் இரண்டு எனக்குக் கலக்கமாக இருக்கிறது.

ஒய் எழுத்தில் ஆரம்பிக்கும் சீரியல் 2002ஐச் சேர்ந்தது. பேப்பரும் அதையே சொல்கிறது. சரி, 2002 சப்மரைனர் எப்படி இருந்தது? கேஸின் கொம்புகளில் நான் சொன்ன ஓட்டை வெளியே தெரியும்படி இருந்தது. அதை ரோலெக்ஸ் எடுத்தது அதற்கு அடுத்த வருட வாக்கில்தான். உள்வளையத்தில் பெயரும் எண்ணும் பொறிக்கும் வழக்கம் 2005க்கு அப்புறம் வேறு மாடல்களில் ஆரம்பித்து, சப்மரைனருக்கு 2007 வாக்கில் வந்தது. 2002இல் அந்த வளையம் வெறும் பளபளப்பாக, மொட்டையாக இருக்க வேண்டும். சீரியல் எண் செயினுக்குப் பின்னால் கேஸில் மட்டும்தான் இருக்கும்.

அதாவது உங்கள் கையில் இருப்பது 2002 எண் போட்ட, 2007க்கு அப்புறமான உடம்பு. பொறிப்பு சுத்தமாக இருப்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது. இன்றைக்கு லேசர் வைத்து யாரும் சுத்தமாகப் பொறிக்கலாம். பழைய போலிகளில் ஆசிட் வைத்து எழுதுவார்கள், லென்ஸில் பார்த்தால் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரிஜினலில் வெட்டின ஓரம் சாய்த்தால் வைரம்போல் மின்னும். அந்த வித்தியாசம் இப்போதும் உதவும், ஆனால் முதலில் கேட்க வேண்டியது இந்தப் பொறிப்பு இந்த வருடத்து வாட்சில் இருக்கலாமா என்பதுதான்.

எடைக்கு வருவோம். அந்தக் கால 16610 முழுச் செயினோடு 135 கிராம் வாக்கில்தான் வரும். உங்களுடையது இரண்டு கண்ணி போன பிறகும் 147. ஒரிஜினல் செயினின் கொக்கி தகட்டை மடக்கிச் செய்தது. ஆட்டினால் சலசலவென்று சத்தம் போடும், கையில் எடுத்தால் இவ்வளவு விலைக்கு இதுவா என்றிருக்கும். துபாயில் எத்தனையோ பேர் அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டு நல்ல வாட்சைப் போலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். போலி செய்கிறவனும் அந்தக் கனம் குறைவைத்தான் திருத்துகிறான். வாங்குகிறவன் கனத்தை நம்புகிறான் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கொக்கி எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

சிராங்கூன்_செந்தில்

தடித்த கொக்கி அண்ணா. கெட்டி உலோகத்தில் வெட்டிச் செய்தது. உள்ளே பல் மாதிரி இருக்கிறது, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே நகர்த்திச் செயினின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அதைக் காட்டித்தான் ரோலெக்ஸ் தரத்தைப் பாருங்கள் என்றார்.

பழைய_ஸ்பிரிங்

அதற்கு கிளைட்லாக் என்று பெயர். சப்மரைனர் டேட்டின் ஸ்டீல் மாடலுக்கு அது வந்தது 2010இல், 116610 வந்தபோது. 16610க்கு அந்தக் கொக்கி கிடையாது.

யாழ்_மணிக்கூடு

ஸ்பிரிங் அண்ணை, நான் டொரொண்டோவில இருக்கிறன், பழைய மணிக்கூடு சேர்க்கிற ஆள். நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி, ஆனா ஒரு விசயத்தை விட்டிட்டீங்கள். சர்வீசுக்குக் குடுக்கேக்க கேஸ் பழுதாப் போயிருந்தா ரோலெக்ஸ் காரரே புதுக் கேஸ் போட்டுக் குடுப்பினம். அந்தப் புதுக் கேசில உள்வளையப் பொறிப்பு இருந்தா என்ன செய்யிறது? ஓட்டை இல்லாமலும் வரலாம். செயினை ஆரும் பிறகு மாத்திப் போட்டிருக்கலாம். வருசம் பொருந்தேல்லை எண்டு மட்டும் வைச்சு ஒருத்தரைக் கள்ளன் எண்டு சொல்லேலாது.

பழைய_ஸ்பிரிங்

நியாயமான கேள்வி. யாரையும் கள்ளன் என்று நான் சொல்லவில்லை, விற்கிறவரே ஏமாந்தவராக இருக்கலாம். சர்வீசில் கேஸ் மாற்றுவது உண்டு. ஆனால் அது அபூர்வம், செலவும் அதிகம், அதற்குச் சர்வீஸ் பேப்பர் இருக்கும். கேஸும் மாறி, செயினும் மாறி, இரண்டுக்கும் சீட்டு இல்லை என்றால் மெஷினைப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. கேஸை மாற்றலாம், செயினை மாற்றலாம், சர்வீஸ் சென்டர் 3135ஐ எடுத்துவிட்டு வேறு மெஷினைப் போடாது.

திறப்பதற்கு முன்னால் ஒன்று செய்யலாம் தம்பி, காசு செலவில்லை. ராத்திரி பதினொன்றரையிலிருந்து தேதியைப் பாருங்கள். 3135இல் பன்னிரண்டு மணியை ஒட்டிப் பொட்டென்று ஒரே தாவலில் மாறும், அதுவரை எண் அசையாமல் நிற்கும். ஐந்து நிமிடம் முன்பின் ஆகலாம், அது பரவாயில்லை. எண் மெல்லச் சாய்ந்து ஊர்ந்து போனால் உள்ளே இருப்பது வேறு.

டிக்டிக்_தியாகு

இதெல்லாம் ரொம்ப நுணுக்கம். இவ்வளவு பார்த்தால் யாரும் பழைய வாட்ச் வாங்கவே முடியாது. முள் எட்டுத் தடவை துடிக்கிறது என்று வீடியோவே எடுத்துவிட்டார், இன்னும் என்ன வேண்டும்? எட்டுத் துடிப்பு மெஷினை டூப்ளிகேட்காரன் எங்கே போய் வாங்குவான், அதற்கே பெரிய காசு ஆகாதா?

நகைக்கடை_நாச்சியார்

தியாகு சார், ஈட்டா போட்ட நல்ல சுவிஸ் வாட்சையே சில நூறு வெள்ளிக்கு விற்கிறார்கள். அதன் சீன நகல் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சிராங்கூன்_செந்தில்

அவரிடமே ஒரு ராத்திரி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். பதினொன்று நாற்பதுக்கே எண் கொஞ்சம் கீழே இறங்கித் தெரிகிறது. பன்னிரண்டு அடிக்கும்போது இரண்டு எண்ணும் பாதிப் பாதி. பன்னிரண்டு ஐந்துக்குத்தான் சரியாக உட்கார்ந்தது.

நானே கேட்டேன், மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று. சங்கடப்படாமல் சரி என்றுவிட்டார். சனிக்கிழமை ஒரு ரிப்பேர் கடைக்கு இரண்டு பேரும் போகிறோம். அங்கே என்ன பார்க்கச் சொல்கிறீர்கள்?

பழைய_ஸ்பிரிங்

முதலில் கடைக்காரரிடம் ரோலெக்ஸ் மூடிக்கான பல்வார்ப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மூடியின் விளிம்பைச் சுற்றி வரிவரியாகப் பல் இருக்கும், அதில் பொருந்தி உட்காரும் கருவி வேண்டும். பொதுச்சாவியை வைத்துத் திருகினால் வழுக்கி மூடியைக் கீறும். மூடின பிறகு ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பிரஷர் டெஸ்ட் பண்ணித் தரச் சொல்லுங்கள், வாட்ச் எதுவாக இருந்தாலும் அது அவருடைய சொத்து.

திறந்ததும் எழுத்தைப் படிக்காதீர்கள். ரோலெக்ஸ், 3135, 31 கல் என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கும், அது தகட்டில் பொறித்தது, யாரும் பொறிக்கலாம். நேராக பேலன்ஸ் சக்கரத்துக்குப் போங்கள், மெஷினில் இடைவிடாமல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் சக்கரம் அதுதான். 3135இல் அதற்கு மேலே ஒரு பாலம் போகும், இரண்டு கரையிலும் ஒவ்வொரு ஸ்க்ரூ போட்டு நிற்கும். ஈட்டா வகையில் ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ போட்டு, கை நீட்டினதுபோல ஒற்றைத் தகடு வந்து சக்கரத்தைப் பிடித்திருக்கும்.

அடுத்தது, வேகத்தைச் சரிசெய்யும் விதம். ஈட்டாவில் அந்தத் தகட்டின் மேலே ஒரு சின்ன நெம்பு இருக்கும், கூட்டல் கழித்தல் குறி போட்டிருக்கும், அதைத் தள்ளி வேகத்தைக் கூட்டலாம் குறைக்கலாம். 3135இல் அந்த நெம்பே கிடையாது. பேலன்ஸ் சக்கரத்தின் உள்விளிம்பில் மைக்ரோஸ்டெல்லா என்று நாலு குட்டி நட்டு இருக்கும், அதைத் திருகித்தான் வேகம் மாற்றுவார்கள். நெம்பைக் கண்டால் அதோடு விஷயம் முடிந்தது.

மூன்றாவது, சிவப்புச் சக்கரங்கள். 3135இல் ரோட்டர் சுற்றும்போது சாவி ஏற்றிக் கொடுப்பவை அவைதான். நகலில் பல சமயம் அழகுக்குச் சிவப்புச் சாயம் பூசி ஒட்டி வைத்திருப்பார்கள். ரோட்டரை விரலால் மெல்லச் சுற்றச் சொல்லி, சிவப்பு அசைகிறதா என்று பாருங்கள்.

ஹெச்எம்டி_பேரன்

டயல் படம் போட்டுவிட்டேன் அண்ணா. பளபளவென்று நல்ல நீலம். நிமிடக் கோடுகள் சில இடத்தில் விளிம்பைத் தாண்டிப் போகின்றன, எழுத்தும் கொஞ்சம் தடிமன். பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஹெச்எம்டி என்றும் 17 கல் என்றும் இருக்கிறது.

பழைய_ஸ்பிரிங்

பேரன், இது நேர் எதிர்க் கேஸ். மெஷின் பெங்களூரில் செய்த அசல், டயல் பிற்பாடு வண்ணம் அடித்தது. பழைய ஹெச்எம்டி, சீகோ எல்லாம் இப்படிப் புது டயல் போட்டு நிறைய வருகின்றன. தாத்தா காலத்திலேயே ரிப்பேருக்குக் கொடுத்து மாற்றினார்களா, நடுவில் கை மாறியதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. கட்டிக்கொள்ளுங்கள், அந்த மெஷின் இன்னும் ஓடும்.

ஹெச்எம்டி_பேரன்

தாத்தா கறுப்பு டயல் கட்டியிருந்ததாகத்தான் அம்மா சொல்கிறார். சித்தப்பாவைக் கேட்க வேண்டும்.

சிராங்கூன்_செந்தில்

சனிக்கிழமை போய் வந்தோம். படம் நாலு போட்டிருக்கிறேன்.

மூடி திறந்ததும் எனக்கே தெரிந்துவிட்டது அண்ணா. 3135 என்று பெரிதாக எழுதியிருந்தது. பேலன்ஸ் சக்கரத்தை ஒற்றைத் தகடு, ஒரு பக்கம் ஒரு ஸ்க்ரூ. கூட்டல் கழித்தல் குறியோடு நெம்பு. கடைக்காரர் ரோட்டரைச் சுற்றினார், சிவப்புச் சக்கரம் இரண்டும் அப்படியே நின்றன. வாட்சைத் துடிப்பு பார்க்கும் கருவியிலும் வைத்தார், ஒரு நாளைக்கு மூன்று வினாடிதான் கூடுதல் என்று காட்டியது. அவரே சிரித்துவிட்டார், நன்றாகத்தான் ஓடுகிறது, ரோலெக்ஸ்தான் இல்லை என்றார்.

விற்க வந்தவர் பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் இவரும் ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்துத்தான் வாங்கினாராம். பேப்பரில் இருக்கும் பெயர் இவருடையது இல்லை, விற்றவருடையதும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

பழைய_ஸ்பிரிங்

படம் பார்த்தேன். ஈட்டா 2836இன் நகல்தான், மேலே அலங்காரத் தகடு போட்டது. மூன்று வினாடி கூடுதல் என்பது ஆச்சரியமில்லை. துடிப்புக் கருவி வாட்ச் எப்படி ஓடுகிறது என்று சொல்லும், யார் செய்தது என்று சொல்லாது.

யாழ்_மணிக்கூடு

நல்ல காலம், தப்பினீங்கள். ஆனா அண்ணை, இப்ப வாற சூப்பர் குளோன் எண்டு சொல்லுறதில இரண்டு பக்கமும் ஸ்க்ரூ போட்ட பாலத்தோடையே 3135 நகல் வருது. சிவப்புச் சக்கரமும் வேலை செய்யுது எண்டு சொல்லுகினம். அதைப் படத்தில வைச்சுக் கண்டுபிடிக்கேலுமோ?

பழைய_ஸ்பிரிங்

படத்தை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். மேலாகப் பார்த்தால் ஏமாற்றும் நகல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். என் கையில் கொடுத்தால் பேலன்ஸைக் கழற்றி ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்று மேலே வளைந்து போகும் விதத்தையும், பாலத்தின் அடிப்பக்கத்தையும், பல்லின் முனைகளையும் லென்ஸில் பார்ப்பேன். மேல்பக்கத்தைப் பளபளவென்று முடிப்பார்கள், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் கருவி ஓடிய தடம் அப்படியே கிடக்கும். நான் பார்த்த நகல்களில் அங்கேதான் மாட்டினார்கள். நாளைக்கு அங்கேயும் மெருகு போட்டால் என்ன செய்வது என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அப்போதும் வருடக் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன். இந்த வாட்சில் மெஷினைத் திறக்கும் முன்பே ஓட்டையும் வளையமும் கொக்கியும் மூன்று வெவ்வேறு வருடத்தைச் சொல்லிவிட்டன.

யாழ்_மணிக்கூடு

வருசம் படிச்சுச் செய்யிறவங்களும் இருக்கிறாங்கள் அண்ணை. ஓட்டையோட, மொட்டை வளையத்தோட 16610 நகல் நான் கண்டிருக்கிறன். இதில நாங்கள் ஒத்துப்போக மாட்டம் போல கிடக்கு.

நகைக்கடை_நாச்சியார்

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பேப்பர் போலியா, உண்மையா? உண்மையான பேப்பர் என்றால் அந்த எண்ணுள்ள அசல் வாட்ச் எங்கோ யாரோ கையில் இருக்கிறது. அது திருட்டுப் போனதாகக்கூட இருக்கலாம்.

பழைய_ஸ்பிரிங்

பேப்பரைப் படத்தில் பார்த்து நான் சொல்ல முடியாது அம்மா. பெட்டி, பேப்பர் இரண்டையும் தனியாக விற்கும் சந்தை இருக்கிறது. உண்மையான பேப்பரில் உள்ள எண்ணைப் பார்த்துக் கேஸில் பொறிப்பதும் நடக்கிறது. ஒரு இலக்கம்கூட மாறாமல் பொருந்தியது அதனாலேயே இருக்கலாம். விற்க வந்தவர் பேப்பரையும் வாட்சையும் ரோலெக்ஸ் சர்வீஸ் சென்டரில் காட்டுவதுதான் அவருக்கு நல்லது. வாட்சைச் சர்வீசுக்கு எடுக்க மாட்டார்கள், ஆனால் எண்ணைப் பற்றி அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

டிக்டிக்_தியாகு

சரி, மெஷின் போலி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முள் எட்டுத் தடவை துடித்ததே, அது பொய்யில்லையே. அந்த வாட்சை இப்போது ஐநூறு வெள்ளிக்குக் கொடுப்பாரா என்று கேட்டுச் சொல்லுங்கள், நன்றாகத்தான் ஓடுகிறது.

சிராங்கூன்_செந்தில்

தியாகு சார், அதை யாருக்கும் விற்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். போலி என்று தெரிந்து விற்றால் இங்கே குற்றம்.

எனக்கு வாட்ச் ஆசை போகவில்லை. ரோலெக்ஸே சோதித்து, சான்றிதழும் இரண்டு வருட உத்தரவாதமும் கொடுத்து, அங்கீகாரம் பெற்ற கடைகள் மூலம் பழைய வாட்சை விற்கும் திட்டத்தை 2022 டிசம்பரில் ஆரம்பித்தது என்று கடைக்காரர் சொன்னார். விலை நிறையவே கூடுதலாம். அதில் 16610 கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது அப்படி வாங்கியிருந்தால் எழுதுங்கள், மூடியைத் திறந்து காட்டச் சொன்னால் காட்டுவார்களா என்று தெரிய வேண்டும்.